புல்தரையில் ஆறே ஆட்டங்கள் ஆடியவரை எப்படி மதிப்பிடுவது?

2023 ஜூன் மாதம் லண்டன் குயின்ஸ் கிளப் தொடருக்குக் கார்லோஸ் அல்கராஸ் வந்தபோது, அவர் ஏற்கெனவே கடினத் தரையில் அமெரிக்க ஓப்பனை வென்றிருந்தார். களிமண் தரையில் மாட்ரிட், பார்சிலோனா தொடர்களை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வென்றிருந்தார். புல்தரையிலோ அவருடைய ஏடிபி நிலைக் கணக்கு மொத்தம் ஆறு ஆட்டங்கள்தான். 2021 விம்பிள்டனில் உச்சியாமாவை வென்று மெட்வடேவிடம் தோற்றார். 2022 விம்பிள்டனில் ஸ்ட்ரஃப், கிரீக்ஸ்போர், ஓட்டே ஆகிய மூவரையும் வென்று யானிக் சின்னரிடம் தோற்றார். நான்கு வெற்றி, இரண்டு தோல்வி. இந்த ஆறு ஆட்டங்களை வைத்துக்கொண்டு அவருக்குப் புல்தரை மதிப்பீடு என்று ஓர் எண்ணைத் தரச் சொன்னால் எதைத் தருவது?

தரைவாரி மதிப்பீடுகளைச் சொந்தமாகக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். களிமண் தரைக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐரோப்பாவில் ஒரு நீண்ட பருவம் இருக்கிறது; அதற்கு முன்னும் பின்னும்கூட ஆட்டங்கள் உண்டு. கடினத் தரைக்கு ஆண்டின் பெரும்பகுதியே சொந்தம். புல்தரைக்குக் கிடைப்பது பிரெஞ்சு ஓப்பனுக்கும் விம்பிள்டனுக்கும் இடையே மூன்று வாரங்களும், விம்பிள்டனின் இரண்டு வாரங்களும் மட்டுமே. மாஸ்டர்ஸ் 1000 தொடர் ஒன்றுகூடப் புல்லில் இல்லை. முன்னணி வீரர் ஒருவர் ஒரு தொடரில் பயிற்சி பெற்றுவிட்டு விம்பிள்டனுக்குப் போனால், முழு ஆண்டுக்கும் சேர்த்துப் பத்து ஆட்டங்கள் தேறுவதே கடினம்.

இந்தப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற காலத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாம் தொடர்களில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. அமெரிக்க ஓப்பன் 1974 வரையிலும், ஆஸ்திரேலிய ஓப்பன் 1987 வரையிலும் புல்லை விடவில்லை. அக்காலத்து வீரர்களுக்குக் கணக்குப் போடுபவர் புல்தரை ஆட்டங்களுக்காக ஏங்க வேண்டியிருக்காது. கடினத் தரைக்குத்தான் ஏங்க வேண்டியிருக்கும்.

இப்போது முறைகளுக்கு வருகிறேன். அடிப்படை எலோ மதிப்பீடுதான். எல்லோரும் 1500 புள்ளியில் தொடங்குகிறார்கள். இருவருடைய புள்ளி வித்தியாசத்திலிருந்து வெற்றி வாய்ப்பு கணக்கிடப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளியை K என்ற எண்ணால் பெருக்கி, வென்றவருக்குக் கூட்டி, தோற்றவருக்குக் கழிக்கிறோம். டென்னிஸில் பலரும் எடுத்தாளும் K, ஃபைவ்தர்ட்டியெய்ட் தளம் பயன்படுத்திய வடிவம்:

```
E = 1 / (1 + 10^((Rb - Ra)/400))
K = 250 / (n + 5)^0.4
```

இங்கே `E` என்பது வீரரின் வெற்றி வாய்ப்பு, `Ra` அவருடைய புள்ளி, `Rb` எதிராளியின் புள்ளி, `n` என்பது அந்த வீரர் அதுவரை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. முதல் ஆட்டத்தில் K ஏறத்தாழ 131. நூறு ஆட்டங்களுக்குப் பிறகு 39. புதியவரின் எண் வேகமாக நகரும், பழையவரின் எண் மெல்ல நகரும்.

தரைவாரி மதிப்பீட்டின் எளிய வடிவம், இதே கணக்கைப் புல்தரை ஆட்டங்களை மட்டும் வைத்துத் தனியாக ஓட்டுவது. அல்கராஸின் ஆறு ஆட்டங்களை அப்படி ஓட்டிப் பார்க்கலாம். எதிராளிகளின் புல்தரை எண்களை நான் வட்டமாக வைத்துக்கொள்கிறேன்: உச்சியாமா 1450, மெட்வடேவ் 1700, ஸ்ட்ரஃப் 1600, கிரீக்ஸ்போர் 1500, ஓட்டே 1600, சின்னர் 1600. அல்கராஸ் 1500இல் தொடங்கி முதல் வெற்றியில் 1556க்கு ஏறுகிறார். மெட்வடேவிடம் தோற்று 1519க்கு இறங்குகிறார். ஸ்ட்ரஃபை வென்றதில் 70 புள்ளி கிடைத்து 1590, பிறகு 1630, பிறகு 1678. சின்னரிடம் தோற்றதும் ஒரே அடியில் 61 புள்ளி இழந்து 1617இல் நிற்கிறார்.

அந்த 61 புள்ளியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2022 விம்பிள்டனுக்கு முன் சின்னர் ஏடிபி நிலையில் புல்தரையில் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. எனவே புல்தரையை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அவர் ஏறக்குறைய தெரியாத ஆள்; அந்த வாரத்து மூன்று வெற்றிகள்தான் அவரை 1600 பக்கம் கொண்டுவந்திருக்கும். கடினத் தரையில் அவர் உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர் என்பது அந்தக் கணக்கின் காதுக்கு எட்டவே எட்டாது. அதனால், அறிமுகமில்லாத ஒருவரிடம் தோற்றதாக அல்கராஸுக்குத் தண்டனை விழுகிறது. இதே தோல்வி எல்லாத் தரைகளையும் சேர்த்த கணக்கில் இருபது புள்ளி அளவில் முடிந்திருக்கும். ஒருவருடைய ஆட்டங்கள் குறைவு என்பது அவருடைய எண்ணை மட்டும் கெடுப்பதில்லை, அவரோடு ஆடியவர்களின் எண்களையும் சேர்த்துக் கெடுக்கிறது. புல்தரைப் பட்டியல் முழுவதும் இப்படி ஒருவரை ஒருவர் சாய்த்துக்கொண்டு நிற்கும் எண்களால் ஆனது.

சரி, 1617ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எவருக்கும் தெரியும். ஆகவே வழக்கமான அடுத்த படி கலப்பது. டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் தளத்தில் ஜெஃப் சாக்மன் தரும் தரைவாரி எலோ எண்கள், ஒட்டுமொத்த எலோவையும் அந்தத் தரைக்கான எலோவையும் பாதிக்குப் பாதி கலந்தவை. இந்தப் பாதிக்குப் பாதி கண்மூடித்தனமானது அன்று. தனியே ஒட்டுமொத்த எண்ணைவிடவும் தனியே தரை எண்ணைவிடவும் கலவை நன்றாகக் கணிக்கிறது என்ற அனுபவத்திலிருந்து வந்தது. பெரும்பாலான வீரர்களுக்கு, பெரும்பாலான வாரங்களில், அது போதுமானதும்கூட. ஆனால் அல்கராஸின் ஒட்டுமொத்த எண் 2200 என்று வைத்துக்கொண்டால் கலவை 1909 என்று வருகிறது. அதாவது, கடினத் தரையிலும் களிமண்ணிலும் உலகின் உச்சியில் இருப்பவர் புல்லில் கால் வைத்தவுடன் முந்நூறு புள்ளி தரம் குறைந்துவிடுகிறார். இதற்கு ஆதாரமாக இருப்பது, ஆறில் நான்கை வென்ற ஒரு பதிவு!

இந்த விபரீதத்தின் வேர், 1617 என்ற எண் இரண்டு செய்திகளை ஒன்றாகக் குழப்பிச் சொல்வதில் இருக்கிறது. ‘இவர் புல்லில் சுமாராக ஆடுகிறார்’ என்பது ஒன்று. ‘இவர் புல்லில் அதிகம் ஆடியதில்லை, 1500இலிருந்து ஏறுவதற்கு நேரம் கிடைக்கவில்லை’ என்பது மற்றொன்று. அல்கராஸ் விஷயத்தில் உண்மை இரண்டாவது. ஆனால் கலவைக்கு அவ்விரண்டையும் பிரித்தறியும் வழியே இல்லை. கலவையின் விகிதத்தை 50லிருந்து 20க்கு மாற்றினாலும் நோய் குறையுமே தவிரப் போகாது, ஏனெனில் கலக்கப்படும் பொருளே பழுதானது.

நான் விரும்பும் முறை வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. இந்த வீரர் புல்லில் எத்தனை ஆட்டங்களை வென்றார் என்று கேட்காமல், அவருடைய பொதுவான தரத்தை வைத்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வென்றாரா, குறைவாக வென்றாரா என்று கேட்கிறேன். ஒவ்வொரு புல்தரை ஆட்டத்துக்கும், அந்த நாளில் இருவருக்கும் இருந்த ஒட்டுமொத்த எண்களிலிருந்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டு, அதைக் கிடைத்த முடிவிலிருந்து கழித்து, மிச்சத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். அந்த மிச்சத்திலிருந்து பிறப்பது, ஒட்டுமொத்த எண்ணோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டிய ஒரு தரைத் திருத்தம். இங்கே ஆட்டமே ஆடாதவருக்குத் திருத்தம் பூஜ்யம். அவர் 1500க்குத் தள்ளப்படுவதில்லை, தம் சொந்தத் தரத்திலேயே நிற்கிறார்.

அல்கராஸின் ஆறு ஆட்டங்களில் எதிர்பார்ப்புகளை மறுபடியும் வட்டமாகவே வைக்கிறேன். 2021இல் அவர் பதினெட்டு வயதுப் பையன்: உச்சியாமாவுக்கு எதிராக 0.80, மெட்வடேவுக்கு எதிராக 0.15. 2022இல் ஸ்ட்ரஃபுக்கு எதிராக 0.75, கிரீக்ஸ்போர், ஓட்டே இருவருக்கும் எதிராக 0.80, சின்னருக்கு எதிராக 0.60. கூட்டினால் 3.9 வெற்றிகள். வென்றது 4. மிச்சம் வெறும் 0.1. புல்தரையில் அவர் எதிர்பார்ப்புக்கு ஏற்பத்தான் ஆடியிருக்கிறார். பலவீனம் என்று சொல்ல அந்தப் பதிவில் ஒன்றுமில்லை.

அடுத்து, மிச்சத்தை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி. இதில்தான் பலரும் ஒரு எண்ணைக் கைக்கு வந்தபடி தேர்ந்துகொள்கிறார்கள், அதற்கு அவசியமில்லை. ஓர் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை மட்டும் வைத்து ஒருவரின் தரத்தை ஊகித்தால் நேரும் பிழையின் அளவைக் கணக்கிட முடியும்: வழக்கமான ஆட்டங்களில் அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 390 எலோ புள்ளிகள். பத்து ஆட்டங்களில் ஒன்பதை வெல்லும் வீரருக்கும் அவருடைய எதிராளிக்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவு. ஆறு ஆட்டங்கள் சேர்ந்தாலும் பிழை 160 புள்ளிக்குத்தான் குறைகிறது. மறுபக்கம், வீரர்களின் உண்மையான தரைத் திருத்தங்கள் எவ்வளவு பரவியிருக்கும் என்று ஓர் ஊகம் வேண்டும். அதன் திட்ட விலக்கம் 80 புள்ளி என்று எடுத்துக்கொண்டால், 390இன் வர்க்கத்தை 80இன் வர்க்கத்தால் வகுத்து 24 கிடைக்கிறது. கலப்பு விகிதம் இப்படி அமையும்:

```
w = n / (n + 24)
```

ஆறு ஆட்டங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு எடை. இருபத்து நான்கு ஆட்டங்களில்தான் பாதிக்குப் பாதி வருகிறது. பரவல் 60 புள்ளிதான் என்று நினைப்பவர் 24க்குப் பதில் 42 போட வேண்டும்; 100 என்று நினைப்பவர் 15 போட வேண்டும். எது சரி என்பதைப் பழைய புல்தரைப் பருவங்களை ஒதுக்கி வைத்துக் கணித்துப் பார்த்து முடிவு செய்யலாம். எப்படியானாலும் இந்த எண் வானத்திலிருந்து விழுவதில்லை. தரைக்குத் தரை வீரர்கள் உண்மையில் எவ்வளவு மாறுகிறார்கள் என்பதன் மறுபெயர்தான் அது.

ஆட்டங்களின் எண்ணிக்கையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 95 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள ஆட்டத்தை வென்றால் நமக்குப் புதிதாகத் தெரிய வருவது மிகக் குறைவு. சமபலமான ஆட்டம்தான் நிறையச் சொல்லும். ஆகவே `n` என்று ஆட்டங்களை எண்ணுவதைவிட, வெற்றி வாய்ப்பை `p` என்று வைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் `p(1-p)` என்ற அளவைக் கூட்டிக்கொண்டு போவது நேர்மையானது. முன்னணி வீரர்களின் ஆட்டங்கள் இந்தக் கணக்கில் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே தேறும்.

இனி 2023க்குத் திரும்பலாம். அல்கராஸ் குயின்ஸ் கிளப்பில் ஐந்து ஆட்டங்களையும் வென்று, இறுதியில் டி மினோரை 6-4, 6-4 என்று வீழ்த்தினார். விம்பிள்டனில் ஷார்டி, முல்லர், ஹாரி, பெரெட்டினி, ரூனே, மெட்வடேவ் ஆகியோரைத் தாண்டி இறுதிக்கு வந்தார். இப்போது புல்தரைக் கணக்கு பதினேழு ஆட்டங்கள், பதினைந்து வெற்றிகள். முன்போலவே எதிர்பார்ப்புகளைக் கூட்டினால் எனக்கு 12.85 வருகிறது, மிச்சம் 2.15 வெற்றிகள். அதைச் சுருக்காமல் நம்பினால் திருத்தம் +142 புள்ளி. ஆட்டங்களை எண்ணாமல் மேலே சொன்ன `p(1-p)` அளவை வைத்துச் சுருக்கினால் +51. புல்தரையை மட்டும் பார்க்கும் தனிக்கணக்கோ, அதே பதினொரு வெற்றிகளுக்குப் பிறகும் 1910 பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

இறுதியில் எதிரே நின்றவர் நோவக் ஜோகோவிச். ஏழு முறை விம்பிள்டன் வென்றவர், 2013 இறுதியில் ஆண்டி மரேயிடம் தோற்றபின் சென்டர் கோர்ட்டில் தோற்காதவர். அவருக்குப் புல்தரையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இருப்பதால் எந்த முறையும் அவரைத் தவறாகப் படிக்காது. இருவரின் ஒட்டுமொத்த எண்ணும் 2200, ஜோகோவிச்சின் தனிப் புல்தரை எண் 2150, அவருடைய தரைத் திருத்தம் +60 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதிக் கலவை அல்கராஸுக்கு மூன்றில் ஒரு வாய்ப்பைத் தருகிறது. திருத்த முறை 49 விழுக்காடு தருகிறது. ஆட்டம் 1-6, 7-6, 6-1, 3-6, 6-4 என்று ஐந்து செட் ஓடி அல்கராஸின் கைக்கு வந்தது. இந்த ஓர் ஆட்டம் எந்த முறையையும் மெய்ப்பிக்காது. மூன்றில் ஒரு வாய்ப்பு உள்ளவர் மூன்று முறைக்கு ஒரு முறை வெல்லத்தான் செய்வார். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே காண வேண்டியது: மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதும் அல்கராஸ் புல்லில் ஆடாத ஆட்டங்களால் ஆனது.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆடாதவருக்குத் திருத்தம் பூஜ்யம் என்றேன். காஸ்பர் ரூடுக்கும் பூஜ்யமா? 2022, 2023 என இரண்டு பிரெஞ்சு ஓப்பன் இறுதிகளில் ஆடிய அவர், 2022, 2023, 2024 விம்பிள்டன்களில் ஒருமுறைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2023இல் விம்பிள்டனுக்கு முன் புல்தரையில் எந்தத் தொடரிலும் ஆடவும் இல்லை. அவருடைய புல்தரை ஆட்டங்கள் குறைவாக இருப்பது தற்செயல் அன்று. முதல் காரணம், புல் தமக்கு ஒத்து வராது என்று தெரிந்தவர்கள் அந்த வாரங்களில் ஓய்வெடுக்கிறார்கள். இரண்டாவது, போனாலும் சீக்கிரம் தோற்றுத் திரும்புவதால் ஆட்டங்கள் சேர்வதில்லை. அல்கராஸின் ஆறும் ரூடின் சொற்பமும் எண்ணிக்கையில் ஒன்றுபோல் தோன்றினாலும், ஒன்று இளமையால் வந்தது, மற்றொன்று விருப்பத்தால் வந்தது.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ரூடின் ஒட்டுமொத்த எண்ணில் களிமண் வெற்றிகள் நிறையக் கலந்திருக்கின்றன. அந்த எண்ணைப் புல்லுக்கு அடிப்படையாக வைத்தால், களிமண்ணில் சம்பாதித்த புள்ளிகளைப் புல்லில் செலவழிக்க அனுமதிக்கிறோம். களிமண்ணில் பந்து மேலெழும்பி மெதுவாக வரும். உயரமான டாப்ஸ்பின்னுக்கு அங்கே பலன் உண்டு. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும். சர்வும் முதல் இரண்டு அடிகளும் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். கடினத் தரை இவ்விரண்டுக்கும் நடுவே, புல்லுக்குச் சற்று அருகில் இருக்கிறது. ஆகவே கடன் வாங்குவதென்றால் கடினத் தரையிடம்தான் முதலில் கை நீட்ட வேண்டும்.

இதைக் கணக்கில் கொண்டுவர நான் செய்வது, பூஜ்யத்துக்குப் பதிலாக வேறொரு தொடக்கப் புள்ளியைத் தருவது. கடினத் தரை எண்ணை அடித்தளமாக வைக்கிறேன். அதன்மேல் களிமண் திருத்தம் பெரும்பாலோருக்கு நன்கு தெரிந்த எண்ணாக இருக்கும். புல்லில் ஐம்பதுக்கு மேல் ஆடிய வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, களிமண் திருத்தம் கூடக்கூடப் புல் திருத்தம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு சாய்வைக் கணக்கிடுகிறேன். அந்தச் சாய்வு 0.3 என்று வந்தால், களிமண்ணில் +100 உள்ளவருக்குப் புல்லில் தொடக்கமே −30. அதன்பிறகு அவர் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் அந்த −30ஐ மேலேயோ கீழேயோ நகர்த்தும். இம்முறையில் ரூட் தொடக்கத்திலேயே கொஞ்சம் இழக்கிறார். அல்கராஸுக்கு இரண்டு தரைகளும் ஏறக்குறைய சமமாக இருந்ததால் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. இந்தச் சாய்வுக்குப் பயன்படும் வீரர்கள் புல்லை விரும்பி ஆடியவர்கள் என்பதால், புல்லை வெறுப்பவர்களின் நிலை இன்னும் சற்று மோசமாகவே இருக்கும். அந்தச் சிறு சாய்மானத்தை இந்த வழியால் நீக்க முடியாது.

ஒரு முறை வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது எல்லா ஆட்டங்களையும் கூட்டிப் போட்டுப் பிழையை அளப்பதில் பயனில்லை. ஆண்டு முழுவதன் ஆட்டங்களில் புல் ஒரு சிறு பகுதி. அதில் பதினைந்து ஆட்டங்களுக்குக் குறைவான பதிவுள்ளவர்கள் ஆடியது இன்னும் சிறிய பகுதி. அந்தப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து, ‘30 விழுக்காடு’ என்று கணித்த ஆட்டங்களில் உண்மையில் எத்தனை விழுக்காடு வென்றார்கள் என்று எண்ண வேண்டும். நாற்பதுக்கு அருகே வென்றிருந்தால் நம் முறை அறிமுகமில்லாதவர்களைத் தண்டிக்கிறது என்று பொருள். இருபதுக்கு அருகே வென்றிருந்தால், களிமண்காரர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்திருக்கிறோம். இந்தச் சோதனையில் ஒட்டுமொத்த எண்கள் ஆட்டம் நடந்த அன்று காலை நிலவரப்படி இருக்க வேண்டும். ஆண்டு முடிவின் எண்ணை எடுத்துப் போட்டால் எந்த முறையும் அற்புதமாகக் கணிப்பதுபோலத் தெரியும்.

வெளியிடும் பட்டியலில் புல்தரை எண்ணை மட்டும் போடுவதை நான் விரும்புவதில்லை. திருத்தத்தையும் அதன் தடுமாற்றத்தையும் பக்கத்தில் போடுகிறேன். பூஜ்யத்தில் தொடங்கும் எளிய வடிவத்திலேயே, 2023 குயின்ஸ் தொடங்கும் காலையில் அல்கராஸின் வரி +3, ஏறவோ இறங்கவோ 72. விம்பிள்டன் இறுதி நாளின் காலையில் +51, ஏறவோ இறங்கவோ 64. பதினொரு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று ஒருவர் இறுதிக்கு வந்த பிறகும், புல்லில் அவர் யார் என்பதைப் பற்றிய நம் அறியாமை எட்டுப் புள்ளிதான் குறைந்திருக்கிறது.